உப்பில்லாத சாம்பாரும் ஒரு மவுத்வாஷ் பாட்டிலும்

என் வீட்டுக்காரருக்குக் கடைவாய் ஞானப்பல்லைப் பிடுங்கித் தையல் போட்டு அனுப்பினார்கள். மாத்திரைகளோடு குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் ஒன்றும் வந்தது. 0.2 சதவீதம், 150 மில்லி. பல் பிடுங்கிய அன்று வாயைக் கொப்பளிக்கவே கூடாது. குழியில் உறைந்த ரத்தம் கழன்றால் வலி உயிரை வாங்கும். மறுநாளிலிருந்து காலையும் இரவும் 10 மில்லி, ஒரு நிமிஷம், அப்புறம் துப்பிவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு என்று சீட்டில் எழுதியிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பாட்டிலும் சுமார் ஒரு வாரத்துக்குத்தான் வரும்.

ஆனால் தீர்ந்த அன்றே அவர் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தார். பிறகு மற்றொன்று. "கிருமி எல்லாம் செத்துப்போகுது, வாயே ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்றார். வாய் ஃப்ரெஷ்ஷாக இருந்திருக்கலாம். சமையலறைதான் போர்க்களமாயிற்று.

முதலில் அடிபட்டது சாம்பார். "உப்பே இல்லையே?" அடுத்து ரசம், பொரியல், கடைசியில் மாவடு. மாவடுவில் உப்பில்லை என்று ஒரு மனுஷன் சொன்னால் அவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். அத்தைக்கு பிபி இருப்பதால் நான் அளந்து போடும் உப்பு தெருவுக்கே தெரியும். இவரோ உப்பு டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்திலேயே குடிவைத்துவிட்டார். பாயசத்தைப் பற்றி மட்டும் ஒரு குறையும் இல்லை. புளிக்குழம்பில் புளிப்பு சரியாம். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

இந்த மருந்து நாக்கில் உப்புச் சுவையைத்தான் முதலில் மழுங்கடிக்கும். சில வகைக் கசப்பையும் குறைக்கும். இனிப்பையும் புளிப்பையும் பெரும்பாலும் விட்டுவிடும். காபியில் டிகாக்‌ஷன் தண்ணியாக இருக்கிறது என்றும் அவர் குறைப்பட்டார். அது மருந்தின் வேலையா, கல்யாணமான நாளிலிருந்து இருக்கும் குணமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அடுத்த கட்டம் கண்ணாடி முன்னால். முன்பற்களின் இடுக்கில் பழுப்புக் கோடு, நாக்கு நடுவே காபிப்பொடி தூவினாற்போல. "வெற்றிலை போட ஆரம்பிச்சியாடா?" என்று அத்தை கேட்டதில் மனுஷர் நொந்துபோய், பல் டாக்டரிடம் ஓடினார். துணைக்கு நானும் போனேன். யார் பக்கம் நியாயம் என்று தெரிய வேண்டாமா?

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இந்த மருந்துக்கு நேர்மின்னேற்றம் உண்டு. துப்பிய பிறகும் பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யும். அதன் பலமே அந்த ஒட்டல்தான். கறை வருவதற்கும் அதுவே காரணம். டீ, காபியில் உள்ள நிறப்பொருள்கள் வந்து அதன் மேல் படிந்துவிடும். இவரோ எழுந்ததும் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, உடனே இதைக் கொப்பளித்து, வாய் ஈரம் காயுமுன் காபி கேட்கிற ஆள்.

"பேஸ்ட்டுக்கு அடுத்தாப்ல உடனே போட்டா நுரைக்கிற பொருள் மருந்தோட பலத்தைக் குறைச்சிடும். வாயை நல்லாக் கழுவி, அரை மணி நேரமாவது விடணும். காபியெல்லாம் குடிச்சு முடிச்ச பிறகு கொப்பளிச்சிருந்தா இவ்வளவு கறையும் வந்திருக்காது" என்றார் அவர்.

"கிருமியைக் கொல்லுதுன்னா தினமும் போட்டா என்ன டாக்டர்?" என்று இவர் விடவில்லை.

"தையல் இருக்கிற இடத்தில பிரஷ் போகாது. அந்தச் சில நாளைக்கு பிரஷ்ஷுக்குப் பதிலா வேலை பார்க்கத்தான் இது. ஈறு வீங்கி ரத்தம் கசிஞ்சா ரெண்டு வாரம், அதிகம் போனா ஒரு மாசம், அதுவும் நாங்க சொன்னா. பல்லுல ஏற்கெனவே கெட்டியாப் படிஞ்ச அழுக்கை இது கரைக்காது. ஈறுக்கு அடியில ஆழமாவும் போகாது. ரொம்ப நாள் போட்டா காரை படியறதுகூட அதிகமாகலாம்."

அதாவது, சுத்தம் செய்யப் போட்டது, சுத்தம் செய்ய வேண்டியதைக் கூட்டியிருந்தது. இந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்கும்.

கறை பல்லின் மேல்தான் இருந்தது, உள்ளே இறங்கவில்லை. கிளீன் செய்து பாலிஷ் போட்டதும் போய்விட்டது. ஒரு பழைய ஃபில்லிங்கின் ஓரத்தில் மட்டும் லேசான பழுப்பு அடம்பிடித்தது. பல் நிறத்தில் அடைத்த ஃபில்லிங்குகளின் ஓரத்துக் கறை சில சமயம் முழுசாகப் போகாதாம். மவுத்வாஷை நிறுத்திய சில நாளில் நாக்கு தன் வேலைக்குத் திரும்பியது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? வழக்கமான அளவில் வைத்த சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே?" என்றார்.

அத்தை தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "அந்த பாட்டில்ல மிச்சம் இருந்தா இவனுக்கு எடுத்துக் குடும்மா."