இருமலைச் சொல்லாமல் விற்பது

சுக்குமல்லிக் காபிப் பொடிக்கு விளம்பரம் எழுதும் பருவம் ஐப்பசி அடைமழையில் தொடங்கி மார்கழிப் பனியோடு முடிகிறது. ஊரே மூக்கை உறிஞ்சும் அந்த மாதங்களில் மூக்கைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பதுதான் எழுதுபவரின் சங்கடம்.

காரணம், பொட்டலத்தின் மூலையில் இருக்கும் 14 இலக்க எண். அது உணவு உரிமம். உணவு என்று உரிமம் வாங்கிய பொருள் நோயைத் தடுக்கும், தணிக்கும், குணமாக்கும் என்று சொல்ல, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் இடம் தருவதில்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். அத்தனை ரூபாய்க்குப் பொட்டலம் விற்கப் பல மார்கழி வேண்டும்.

முதலாளி கொடுக்கும் முதல் வாசகம் வழக்கமாக இப்படி இருக்கும்: “நெஞ்சுச்சளியை வேரறுக்கும்! மூன்றே நாளில் இருமல் ஓடும்!” எழுதுபவர் அதை “இருமலுக்கு இதம்” என்று சாந்தப்படுத்துவார். பயனில்லை, இதமும் தணிப்புதான். “நோய் எதிர்ப்புச் சக்தி” என்று சுற்றி வந்தால் ஆதாரம் எங்கே என்ற கேள்வி வரும். “லொக்... லொக்...” என்று ஒலியை மட்டும் போட்டுவிட்டு, தாம் இருமலைக் குறிப்பிடவே இல்லை என்று சாதிப்பவர்களும் உண்டு. ஆனால் படமும் ஒலியும் வாக்குறுதியாகவே படிக்கப்படும். சிவந்த மூக்கோடு நிற்கும் குழந்தையும், பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய மாமாவும் அதனால்தான் வெளியேற்றப்படுகிறார்கள்.

வாடிக்கையாளர் கடிதம்தான் பெரிய சபலம். “ஒரே வாரத்தில் சளி போய்விட்டது” என்பது உண்மையாகவே இருக்கும். சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே போய்விடும். அந்தப் பெருமையைப் பொடி எடுத்துக்கொள்ள முடியாது. வாடிக்கையாளர் சொன்னதை நிறுவனம் அச்சிட்டால், அது நிறுவனம் சொன்னதாகவே ஆகும்.

கடைசியில் தப்பிப் பிழைக்கும் வாசகம் இதுதான்: “மார்கழி விடியலில், கோலம் முடித்த கைக்கு ஒரு சூடான டம்ளர். சுக்கு, மல்லி, மிளகு, திப்பிலி. கருப்பட்டி தட்டிப்போட்டுக் கொதிக்க வையுங்கள்.” பருவம், பொருள், செய்முறை என எல்லாமே சரிபார்க்கக்கூடியவை. சுக்கு எதற்கு என்று வாசகருக்கு விளக்க வேண்டியதும் இல்லை. அந்த விளம்பரத்தைப் பாட்டிமார் சம்பளமில்லாமல் எப்போதோ செய்துவிட்டார்கள்.

சித்த மருந்தாக உரிமம் வாங்கினால் உரிமத்தில் உள்ள பயனைச் சொல்லலாமே என்று சிலர் அந்தப் பக்கம் தாவுவார்கள். அங்கும் ஆஸ்துமாவைக் குணப்படுத்துவதாகச் சொல்ல முடியாது. மருந்து விளம்பரச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

விளம்பரத்தில் இருமல் என்ற சொல் தைரியமாக வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை தேவை; மருத்துவரைப் பாருங்கள் என்ற வரி அது. அதைப் பொடி எழுத்தில் போடாமல் படிக்கும்படி போடுங்கள்.