[நேரம்] மணிக்குக் கவிதை வாசிப்பு

இருபத்தைந்து நாற்காலி உள்ள காபிக் கடையில் கவிதை மாலை நடத்தப்போகிறீர்கள். புதியவர்களை வாசிக்க அழைக்க வேண்டும், ஆனால் ஒருவரும் வந்துவிடக் கூடாது. இதற்குக் கைகண்ட வழி ஒன்று இருக்கிறது. அறிவிப்பின் உச்சியில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை என்று நான்கு பெரியவர்களின் படங்களை வட்டத்துக்குள் போடுங்கள். அடியில், கடையின் முகவரிக்கும் கீழே, ‘புதிய குரல்களை வரவேற்கிறோம்’ என்று எறும்பு எழுத்தில் போடுங்கள். கல்லூரிப் பையில் நான்கு கவிதையை மடித்து வைத்திருக்கும் பெண் அதைப் படித்தாலும், இது தனக்கான கூட்டமில்லை என்று புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுவாள்.

அடுத்தது நேரம். 5.30க்கு என்று போட்டு 7.30க்கு முடிப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 120 நிமிடம். வழக்கமான தாமதத்துக்கு 15, காபி இடைவேளைக்கு 15 போனால் மிச்சம் 90. ஒருவர் நான்கு நிமிடம் வாசிப்பார். எழுந்து வர, மைக்கைத் தன் உயரத்துக்கு இழுக்க, கைப்பேசியில் கவிதையைத் தேட இரண்டு நிமிடம். ஆக, பதினைந்து பேர் வாசிக்கலாம். இந்தக் கணக்கை யாரிடமும் சொல்லாதீர்கள். சிறப்புரையாளருக்கு அரை மணி கொடுத்தால் பத்துப் பேராகக் குறையும். வாசிப்பவர்கள் கவியரங்க மரபுப்படி ஒவ்வொரு அடியையும் இரண்டு முறை சொல்லிக் கைதட்டலுக்கும் காத்திருந்தால் நான்கு நிமிடக் கவிதை எட்டாகும்; ஆறு பேரோடு மணி 7.30 அடித்துவிடும். வாசிக்காமல் வீடு திரும்பும் ஒன்பது பேரும் புதியவர்களாகவே இருப்பார்கள், ஏனென்றால் பட்டியலில் அவர்களைக் கடைசியில்தானே போட்டிருக்கிறீர்கள்.

சிகாகோவில் கட்டுமானத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் 1980களில் தொடங்கிய ‘ஸ்லாம்’ கவிதைப் போட்டியில் மூன்று நிமிடம்தான் வழக்கமான அளவு. போனால் போகட்டும் என்று பத்து வினாடி கூடத் தருவார்கள், அதற்கு மேல் மதிப்பெண் குறையும். நம் ஊரில் மூத்த கவிஞர் முன்னால் மணி அடிக்க யாருக்குத் துணிவு வரும்? அதனால்தான் நேரத்தை முன்கூட்டியே அறிவிப்பில் அச்சடித்துவிட வேண்டும் என்கிறார்கள், வம்பு பிடிக்காதவர்கள். அச்சில் இருப்பதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பெயர்ப் பதிவுக்கு வருவோம். படிவத்தில் ‘வெளியான நூல்கள்’, ‘பெற்ற விருதுகள்’ என்ற கட்டங்களைத் தவறாமல் வையுங்கள். தொல்காப்பியரே அதங்கோட்டு ஆசான் முன்னால் அரங்கேற்றியவர்தானே என்று கேட்டு, கவிதையையும் பத்து நாள் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். பயல்கள் ஓடிப்போவார்கள்.

ஒருவேளை அவர்கள் வரட்டும் என்றே உங்களுக்குத் தோன்றிவிட்டால் (சிலருக்கு அப்படித் தோன்றுவதுண்டு), பதினைந்தில் பத்து இடத்தை முன்பதிவுக்கு விட்டு, ஐந்தை வாசலில் வைக்கும் தாளுக்கு ஒதுக்குங்கள். வரப்போவதைக் கடைசி நிமிடம் வரை தனக்கே ஒப்புக்கொள்ளாதவர்கள் அந்தத் தாளில்தான் எழுதுவார்கள். பேனாவை நூலால் கட்டிவையுங்கள். கவிஞர்கள் கூடும் இடம். பழகியவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டால், தெரிந்தவரைக் கேட்க வந்த கூட்டம் தெரியாதவரையும் கேட்டுவிட்டுத்தான் எழும். வாசிக்கும்போது மில்க்‌ஷேக் மிக்ஸி ஓடாது என்று கடைக்காரரிடம் வாக்கு வாங்குங்கள். பதிலுக்கு, ஆளுக்கொரு காபியாவது வாங்குவார்கள் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அறிவிப்புக்கு இவ்வளவு போதும்:

இதுவரை மேடையில் வாசிக்காதவர்கள் முதலில் வாருங்கள்.
நாள்: [நாள்]. தொடக்கம்: [நேரம்]. முடிவு: [நேரம்].
இடம்: [கடை, தெரு, எந்த மாடி].
ஒருவருக்கு நான்கு நிமிடம், இரண்டு முறை சொல்லும் அடிகளையும் சேர்த்து.
பெயர் தர: [எண்], [கடைசி நாள்] வரை. அன்று வாசலிலும் ஐந்து பேர் எழுதலாம்.
வாசிக்க விரும்பாதவர்கள் கேட்க வரலாம்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் அடைப்புக்குறிகளை நிரப்புங்கள். எங்கள் முதல் கூட்டத்துக்கு நாங்கள் நிரப்ப மறந்து, ‘பெயர் தர: [எண்]’ என்றே சுவரொட்டி வந்துவிட்டது. மறுநாள் கடைச் சுவரில் பார்த்தால், யாரோ அந்த அடைப்புக்குறிக்குள் பென்சிலால் தன் எண்ணை எழுதிவைத்திருந்தார். கூப்பிட்டோம். அன்று மாலை முதலில் வாசித்தவர் அவர்தான்.