கரையைத் திருப்பிக் காட்டு

1996-இல் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் விற்பனைக்கு நின்றேன். பாயில் புடவையை விரிப்பேன். வந்தவர் விலைச்சீட்டைப் பார்த்து, "ரொம்ப ஜாஸ்தியா இருக்கே தம்பி" என்பார். அடுத்த நொடியே என் வாயிலிருந்து, "உங்களுக்காகப் பத்து பர்சென்ட் குறைச்சுக்கலாம்மா" என்று வந்துவிடும். அதுதான் மரியாதை என்று நம்பியிருந்தேன்.

ஒருநாள் ஓர் அம்மாள் ஆறாயிரம் ரூபாய்ப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஜாஸ்தியா இருக்கே" என்றார். குறைக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன்பே அறுநூறு குறைத்தேன். அவர் முகம் மலரவில்லை. "அப்போ இன்னும் எவ்வளவு ஏத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று மாலை முதலாளி என்னைத் திட்டவில்லை. கணக்கு நோட்டைத் திறந்து காட்டினார். அந்தப் புடவையின் அடக்கம் ஐயாயிரம், லாபம் ஆயிரம். "நீ குறைச்சது விலையில பத்துல ஒரு பங்கு. ஆனா வித்திருந்தா லாபத்துல பாதிக்கு மேல போயிருக்கும். அதையும் எதுக்குக் கொடுத்தே? அந்தம்மா குறைச்சுக் கேட்கலையே, ஜாஸ்தின்னுதானே சொன்னாங்க. எதைவிட ஜாஸ்தின்னு நீ கேட்டியா?"

கேட்கவில்லை. இத்தனைக்கும் நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா உடல் நாடாவை வீசுவார். கரை நாடாவை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தள்ளுவார். ஒவ்வொரு இழையிலும் கரையின் ஊடையும் உடலின் ஊடையும் கோத்துக்கொள்ள வேண்டும், அதனால்தான் அது கோர்வை. ஒரு நாடாவில் ஒரே ஆள் நெய்வதைவிட வேலை மெதுவாக நகரும். அந்தக் கூலியும் விலைக்குள்ளேதான் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைகள் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் கைவைப்பது அந்தக் கூலியில்தான். என் வீட்டிலேயே அதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எனக்கென்று சின்னக் கடை இருக்கிறது. வருகிறவர்கள் கையில் போன் இருக்கிறது. போன மாசி மாதம் ஒரு தாயும் மகளும் கல்யாணப் புடவைக்கு வந்தார்கள். மயில் நீல உடல், அரக்குக் கரை, இருபத்திரண்டாயிரம் ரூபாய். "ஜாஸ்திங்க. இதே புடவை ஒன்பதாயிரத்துக்கு இருக்கு" என்று அந்த அம்மாள் போனை நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். படத்தை வைத்து அது பட்டா இல்லையா என்று சொல்ல முடியாது. அதனால் அதைக் குறை சொல்லவில்லை. "நல்லாத்தாம்மா இருக்கு. அது எப்படி நெய்ததுன்னு தெரியலை. என்கிட்டயும் அந்த விலைக்கு ஒண்ணு இருக்கு, பக்கத்துல வச்சே பாருங்க" என்று அதே நிறச் சேர்க்கையில் ஒற்றை நாடாப் புடவை ஒன்றை எடுத்து விரித்தேன். இரண்டையும் கரையில் மடித்துத் திருப்பினேன்.

அதன் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. ஒற்றை நாடாவில் நீல ஊடை கரைக்குள்ளும் ஓடுகிறது. அதனால் அரக்குப் பாவோடு நீலம் கலந்து கரை கத்தரிப்பூ நிறம் காட்டியது. கோர்வையில் கரைக்குத் தனி ஊடை, எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அரக்கு. மகள் அந்த இணைப்பின் மேல் விரல் வைத்துத் தடவினாள். "அம்மா, இது வேற" என்றாள்.

அம்மாள் அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் மறுபடியும் புடவையைப் புகழ்வது தப்பு. சந்தேகம் தீர்ந்த பிறகும் தயங்குகிறார் என்றால் அது பணத்தின் தயக்கம். "எவ்வளவுக்குள்ள முடிக்கணும்னு நினைச்சு வந்தீங்கம்மா?" என்றேன். "பதினைஞ்சு" என்றார் மெதுவாக.

அந்தப் புடவையைப் பதினைந்துக்கு இறக்கினால் நான் முதலில் சொன்ன விலை பொய்யென்று ஆகிவிடும். விலையை அப்படியே விட்டுவிட்டுப் பொருளை மாற்றினேன். அதே பட்டு, அதே கோர்வை, சின்னக் கரை, ஹாஃப் ஃபைன் ஜரிகை, பதினாலாயிரத்து எண்ணூறு. எது குறைந்திருக்கிறது என்பதையும் வாயாலேயே சொன்னேன்: "முதல்ல பார்த்ததுல ஜரிகை வெள்ளி. இழையைச் சுரண்டினா உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். நாளைக்குப் பழசானாலும் ஜரிகைக்குக் காசு வரும். இதுல அது வராதும்மா."

எல்லோரிடமும் இது பலிப்பதில்லை. கையில் ஆறாயிரம் மட்டும் வைத்திருப்பவரிடம் கோர்வையை விளக்குவது அவரைச் சங்கடப்படுத்துவதுதான். அவருக்கு நேராக ஒற்றை நாடாப் புடவையைத்தான் எடுத்துப் போடுவேன். குறைப்பதே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஒரே வீட்டுக்கு ஐந்து புடவை எடுத்தால் குறைப்பேன், எதற்காகக் குறைக்கிறேன் என்றும் சொல்லிவிடுவேன்.

தாயும் மகளும் சின்னக் கரையையே எடுத்தார்கள். பில் போடும்போது அந்த அம்மாள், "இதை நெய்ய எத்தனை நாளாகும்?" என்று கேட்டார். தறியில் இரண்டு பேர் உட்கார்ந்த நாட்களை எண்ணிச் சொன்னேன்.