இலையில் உப்பு தூவியது யார்?

கேள்வி: மாடித் தோட்டத்தில் பீன்ஸ், ரோஜா இலைகளில் உப்பைத் தூவினாற்போல் வெளிர்ப் புள்ளிகள். படம் அனுப்பியுள்ளேன். தூசியா, நோயா?
- வாசகி, கூகட்பள்ளி, ஹைதராபாத்

பதில்: தூசி என்றால் துடைத்தால் போகும், இது போகாது. செஞ்சிலந்திப் பேன் இலையின் அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிக் காலி செய்த அடையாளம் அது. ஹைதராபாத்தின் வறண்ட ஏப்ரல், மே வெயில் அதற்குக் கல்யாண சீசன்!

நீங்கள் படம் பிடித்தது இலையின் முகத்தை. குற்றவாளி இருப்பது முதுகில். இலையைத் திருப்பி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து, நடு நரம்பின் ஓரத்தை நெருங்கிப் பிடியுங்கள். ரோஜாவில் சிற்றிலைகள் காம்போடு சேரும் மூலையையும் விடாதீர்கள். மெல்லிய நூலாம்படை, உருண்டையான முட்டைகள், இருபுறமும் கரும்புள்ளியுடன் அரை மி.மீ. உருவம் தெரிந்தால் சந்தேகமே இல்லை. நூலாம்படை இல்லாமல் வெள்ளிக் கோடுகளும் கறுப்பு எச்சப் புள்ளிகளும் இருந்தால் அது இலைப்பேன். படம் மங்கலா? வெள்ளைத் தாளில் இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளி நடந்தால், வழக்கு முடிந்தது.

ஆரம்பத்தில் நூலாம்படை இருக்காது, அதற்காக ஏமாறாதீர்கள். சில நாள் இடைவெளியில் இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். கண்ட பூச்சிமருந்தை அடித்தால், பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, பேன் பெருகும்.