குதிரைக்குப் பணம் கட்டியவர்கள்

2020 நவம்பரில் கோபன்ஹேகன் கலை அகாடமியில் பெரிய அநியாயம் நடந்துவிட்டதாம். அடிமை வணிகத்தின் கறையைக் காட்டவேண்டும் என்று சில கலைஞர்கள், டென்மார்க்கின் ஐந்தாம் ஃபிரெடரிக் மன்னரின் மார்பளவுச் சிலையைத் தூக்கிப்போய்த் துறைமுகத் தண்ணீரில் போட்டார்கள். பாரம்பரியமே மூழ்கியதாக அரசியல்வாதிகள் அலறினார்கள். பொறுப்பேற்ற துறைத் தலைவருக்கு வேலை போயிற்று. மூழ்கியதோ 1950களில் வார்த்த பிளாஸ்டர் நகல்!

நகலா அசலா என்று சொல்வதற்கு மட்டும்தான் கலை வரலாற்றாளரைக் கூப்பிடுகிறார்கள். சொன்னதும் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவர் கையில் இன்னொரு தாள் இருக்கும்: சிலைக்குப் பணம் கட்டியது யார்? அதை யாரும் வாங்கிப் படிப்பதில்லை.

நாம் படிப்போம். அதே நகரில் அமாலியன்போர்க் அரண்மனை முற்றத்தில் இந்த மன்னர் வெண்கலக் குதிரைமேல் இன்றும் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். செய்தவர் ஸாலி என்ற பிரெஞ்சுச் சிற்பி. அந்தக் கலை அகாடமிக்கே இயக்குநராக இருந்தவர். ஆண்டுக்கணக்கில் இழுத்து 1771இல் திறந்தார்கள். குடித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்ட மன்னர் அதற்குள், 1766இலேயே, போய்ச்சேர்ந்துவிட்டார். செலவு முழுவதும் டேனிஷ் ஆசியாட்டிக் கம்பெனியுடையது. நம் தரங்கம்பாடியை 1777 வரை நிர்வகித்த அதே கம்பெனி.

ஆக, கம்பெனி கொடுத்த அன்பளிப்பில் நம் நெசவாளர் தறியின் பங்கும் இருக்கிறது. இந்தியத் துணியைக் கொடுத்து மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கிய காலம் அது. 1750களின் நடுவில் இதே தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறி நிக்கோபாருக்குப் போய், அந்தத் தீவுகளுக்கும் மன்னர் பெயரையே சூட்டினார்கள். குடியேறியவர்கள் காய்ச்சலில் செத்தார்கள். பெயர் மட்டும் கொஞ்ச காலம் நன்றாக வாழ்ந்தது.

பிளாஸ்டரைத் தொட்டவருக்கு வேலை போகிறது. வெண்கலத்துக்குக் காவல் நிற்கிறது. மலிவான சிலைக்குக் கோபம், விலையுயர்ந்த சிலைக்கு மௌனம். இதுவும் ஒரு கலை ரசனைதான்!

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? 1620இல் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனியர்கள் தரங்கம்பாடியில் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டைக்குப் போனால், சுவர் அழகு, கடற்காற்று அழகு, செல்ஃபி அதைவிட அழகு. உள்ளே பீங்கானும் பீரங்கிக் குண்டும் பார்த்துவிட்டு, மீன் வறுவல் தின்று திரும்புகிறோம். சிலைகளைப் பற்றித் தொலைக்காட்சியில் தொண்டை கிழியக் கத்தும் நம் வீரர்கள் ஒருவரும், கோபன்ஹேகன் குதிரையில் தரங்கம்பாடிக்கு என்ன பங்கு என்று கேட்டதில்லை. கேட்டால் கணக்கேடு பார்க்கவேண்டி வரும், கத்துவது சுலபம்.

சிலையை எடு, வை என்று நான் சொல்ல வரவில்லை. குதிரையின் பீடத்தில் டேனிஷ் மொழியில் ஒரு பலகை, கோட்டை வாசலில் தமிழில் ஒரு பலகை: கம்பெனி எந்தத் துணியை, யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது, எங்கே எதற்கு விற்றது, சிலைக்கு எவ்வளவு கொடுத்தது. எழுதித்தரக் கலை வரலாற்றாளர்கள் இருக்கிறார்கள். இரண்டு அரசுகளும் அவர்களுக்குக் காபியை நிறுத்திவிட்டுச் சம்பளம் கொடுக்கட்டும்.