சொத்தை நகமும் என் அவசரமும்

கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரத்தில் மாவு மாவாக உதிர ஆரம்பித்தது. நகச்சொத்தை என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டு, மருந்துக்கடையில் க்ளோட்ரிமசோல் க்ரீம் வாங்கி ராத்திரிதோறும் நகத்தின் மேல் தடவினேன். நகம் நன்றாகப் பளபளத்தது. போர்வையும்தான்.

விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு அது நல்ல க்ரீம். நகத்தில் பூஞ்சை குடியிருப்பதோ தகட்டுக்கு உள்ளேயும் அதன் அடியிலும். அவ்வளவு கெட்டியான தகட்டைத் தாண்டி க்ரீம் இறங்குவதில்லை. காலுறையில் ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. இது தெரிய எனக்கு இரண்டு ட்யூப் செலவானது.

அடுத்து 5 சதவீத அமோரோல்ஃபின் லாக்கர். நெயில் பாலிஷ் மாதிரி பூசிக் காயவிட்டால் படலமாக உட்கார்ந்து, மருந்தை நாள் கணக்கில் உள்ளே இறக்கும். அதனால்தான் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை பூசினாலே போதும். ஆனால் பூசுமுன் தடித்த பகுதியை அரத்தால் தேய்த்து மெல்லிதாக்கி, ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும். சோம்பேறியான நான் பழைய பூச்சின் மேலேயே புதுப் பூச்சு பூசினேன். ஞானம் வந்து தேய்க்கத் தொடங்கியதும், அதே அரத்தால் பக்கத்து நல்ல விரல்களுக்கும் அழகு பார்த்தேன். பூஞ்சைக்கு நானே போக்குவரத்து வசதி.

இத்தனையும் செய்துவிட்டு, தினமும் காலையில் நகத்தைப் பார்த்து ஏமாந்துகொண்டிருந்தேன். கெட்டுப்போன நகம் திரும்ப நல்லதாகாது. அடியிலிருந்து புது நகம் வளர்ந்து அதை முன்னால் தள்ள வேண்டும். கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். நுனியிலிருந்து 6 மில்லிமீட்டர் கெட்டிருந்தால் நாலு மாதம். முழு நகம் என்றால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகலாம். நானோ தீபாவளிக்குள் சரியாகிவிடும் என்று வீட்டில் சவால் விட்டிருந்தேன்.

பலனைக் கணிக்க ஒரு வழி இருக்கிறது. நல்ல நகமும் மஞ்சளும் சேரும் எல்லையில் அரத்தால் மெல்லிய கோடு கீறுங்கள். சில வாரங்களில் கோடு நுனிப் பக்கம் நகர்ந்து, அதற்குப் பின்னால் சுத்தமான நகம் தெரிந்தால் மருந்து வேலை செய்கிறது. மஞ்சள் கோட்டைத் தாண்டி வேர்ப் பக்கம் வந்தால் இல்லை.

விடாமல் பூசினாலும் லாக்கர் மட்டும் எல்லாரையும் குணமாக்காது. சொத்தை வேர்வரை போயிருந்தாலோ பல நகங்களில் இருந்தாலோ பெரும்பாலும் மாத்திரைதான் தேவைப்படும். அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். அடிபட்ட நகமும் சொரியாசிஸும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். ஆகவே பணத்தைக் கொட்டுமுன் நகத்தைச் சுரண்டிப் பூஞ்சை இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கடைக்குப் போகாமல் நேரே மருத்துவரிடம் போய்விடுங்கள்.