சர்வருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா?

கேள்வி: பார்வையற்ற வாடிக்கையாளர் வந்தால் எங்கள் சர்வர், கூட வந்தவரிடம் "சாருக்கு என்ன வேணும்?" என்கிறான். எப்படிப் பழக்குவது? (டிபன் கடைக்காரர், கைலாசபுரம், திருச்சி-14)

பதில்: சாருக்கு வாய் இருக்கிறதே, அவரையே கேட்கச் சொல்லுங்கள். சத்தம் போட்டு அல்ல. காதும் நன்றாகவே இருக்கிறது!

முதலில், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. "என் கையைப் பிடிச்சுக்கறீங்களா?" என்று கேட்டு முழங்கையைக் கொடுத்து, அரை அடி முன்னால் நடக்கட்டும். நாற்காலி வந்ததும் அவர் கையை அதன் முதுகில் வைத்தால் போதும், உட்கார அவருக்குத் தெரியும்.

அடுத்தது கடிகாரம். தட்டையே கடிகாரமாக நினைத்து, "இட்லி ஆறு மணிக்கு, சட்னி பத்து மணிக்கு, சாம்பார் கிண்ணம் இரண்டு மணிக்கு, சூடா இருக்கு சார்" என்று சொல்லட்டும். "அங்கே இருக்கு" என்பது அவருக்கு எங்கேயும் இல்லை. காபியைச் சொல்லாமல் வைத்தால் டபராவை அவர் கையே தட்டிவிடும். சொல்லி வைத்ததை, சொல்லாமல் நகர்த்தவும் கூடாது.

மீதி தரும்போது ஒவ்வொரு நோட்டாகச் சொல்லிக் கொடுங்கள். புது 200-க்கும் 500-க்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி மதிப்பைச் சொல்லும். கள்ள நோட்டைக் காட்டிக் கொடுக்காது.

சர்வர் கண்ணைக் கட்டிப் பயிற்சி தருவார்கள் சிலர். அதில் பயம்தான் வரும். பார்வையற்ற ஒருவரையே அழைத்து, சாப்பாடும் சம்பளமும் கொடுத்துக் கற்பிக்கச் சொல்லுங்கள். டிபன் ஓசி என்று மட்டும் ஏமாற்றாதீர்கள்!